உற்பத்திக்குப் பாதிப்பு இல்லை

ஞானாம்பிகை அக்காகிட்ட போய் "வேலையை முடிச்சிட்டேன்"னு சொன்னா, சரின்னு விட்டுட மாட்டாங்க. கண்ணாடிக்கு மேல பார்த்து, "எங்க வச்சுப் பார்த்தே?"ன்னு கேப்பாங்க. மெஷினை ரிப்பேர் பண்ணவன், ஒர்க்‌ஷாப்ல ஓட்டிப் பார்த்தேன்னு சொன்னா செல்லாது. மெஷின் நிக்கிற இடத்துல, அதை தினமும் ஓட்டுற ஆள் முன்னாடி ஓட்டிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் பேப்பர்ல சிவப்பு ஸ்டாம்ப் விழும். மேனேஜரே வந்து நின்னாலும் இதே பதில்தான்.

எங்க ஃபேக்டரி பினாங் தீவுக்கு எதிர்க்கரையில, பத்து காவான்ங்கிற ஊர்ல இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய டியூப் செய்யறோம். உள்ள நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேப்பர் உண்டு, அந்தப் பேப்பர் அத்தனைக்கும் காவல் அக்காதான். புதுசுக்கு நம்பர் போடுறது, பழசைத் தேடிப் பிடிச்சு அழிக்கிறது, ஆடிட்டர் வந்து கேட்டா ரெண்டு நிமிஷத்துல எடுத்து நீட்டுறது. இருபத்தாறு வருஷமா இதே வேலை, இதே மேசை. வயசு ஐம்பத்தெட்டு. தீவுப் பக்கம் சுங்கை பினாங் ஃப்ளாட்ல தனியா இருக்காங்க. காலையில ஏழேகாலுக்கெல்லாம் பாலத்தைத் தாண்டி வந்து, பழைய காடியை, அதான் காரை, மரத்தடியில போட்டு, ஃப்ளாஸ்க்கோட உள்ள வந்துடுவாங்க.

நான் திருநாவுக்கரசு. அங்க கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளு. பிரிண்டர் ஓடலைன்னாலும் என்னைத்தான் திட்டுவாங்க, இண்டர்நெட் மெதுவா போனாலும் என்னைத்தான் திட்டுவாங்க. எனக்கும் வாய் சும்மா இருக்காது. அக்காகிட்ட மட்டும் அடங்கி இருப்பேன். அவங்க யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், 'ஆமா'ன்னு சொல்லாம 'ஓம்'னு சொல்லுவாங்க. "என்னக்கா, ஆபிஸ்லயே பூஜை ஆரம்பிச்சிட்டீங்களா"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "ஓம், உன் வாய் சும்மா இருக்கணும்னுதான் பூஜை"ன்னு திருப்பி விடுவாங்க.

அவங்களுக்கு ஒரே தம்பி, ஸ்ரீகரன். அம்மா போனப்ப அக்காவுக்கு இருபது வயசு, அவருக்குப் பத்து. சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி, பரீட்சை சமயத்துல கூடவே உட்கார்ந்து வளர்த்தது அக்கா. அவர் படிச்சு அயர்லாந்துக்குப் போய் அங்கேயே ஆஸ்பத்திரி லேப்ல வேலைக்குச் சேர்ந்துட்டார். கல்யாணம் பண்ணிக்கல. அக்காவும் பண்ணிக்கல. அப்பா விநாசித்தம்பி படுக்கையில விழுந்த எட்டு வருஷமும் பார்த்துக்கிட்டது அக்கா ஒருத்தர்தான். இதெல்லாம் அவங்க ஒரே நாள்ல சொன்னதில்ல. ஃப்ளாஸ்க் தேத்தண்ணியை மூடியில ஊத்திக் குடிக்கும்போது இன்னைக்குக் கொஞ்சம், அடுத்த மாசம் கொஞ்சம்னு வரும்.

போன வருஷம் ஜூன் மாசம், என் மேசைக்கு அவங்களே நடந்து வந்தாங்க. அதுவே அதிசயம். எப்பவும் போன்லதான் கூப்பிடுவாங்க.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல கேமரா கெட்டுப் போச்சா பாரேன்."

போய்ப் பார்த்தேன். கேமரா நல்லாதான் இருந்தது. ஸ்கிரீன்ல அவங்க மூஞ்சி தெரியுது. பக்கத்துல இன்னொரு பெட்டி, கறுப்பா, நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரம் சுத்தி, இணைப்பு கிடைக்கலைன்னு சொல்லி நின்னுபோச்சு.

"இது எந்த இடத்துக்குக்கா?"

"தம்பி இருக்கிற ஆஸ்பத்திரி"ன்னாங்க. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. ஸ்ரீகரனுக்கு நுரையீரல்ல புற்றுநோய். வைத்தியம் பண்ற கட்டம் தாண்டிப் போச்சு. வலி தெரியாம வச்சுப் பார்த்துக்கிற ஒரு இடத்துல சேர்த்திருக்காங்க. அங்க சொந்தக்காரங்க வீடியோவில பார்க்க ஒரு லிங்க் குடுப்பாங்க, நர்ஸ் ஒரு டேப்லெட்டை அவர் முன்னாடி பிடிச்சுக் காட்டுவாங்க. அவருக்குப் பேசத் தெம்பு இருக்கிறது காலையில மட்டும்தான். அங்க காலை ஒன்பதுன்னா இங்க சாயங்காலம் நாலு. வேலை நேரம்.

அதுவரைக்கும் அக்கா என்ன பண்ணியிருக்காங்கன்னா, நாலு மணிக்கு வெளிய நடந்து, வாசல்ல செக்யூரிட்டி இருக்கிற கார்டு ரூம் லாக்கர்ல இருந்து போனை எடுத்து, காடிக்குள்ள உட்கார்ந்து பேசியிருக்காங்க. எங்க ஃபேக்டரிக்குள்ள யாரும் கேமரா போன் கொண்டுபோக முடியாது, எனக்கும் அதே சட்டம்தான். ரெண்டு தடவை அப்படிப் பேசியிருக்காங்க. ஆனா வெயில் பின்னாடி இருந்து அடிக்குதா, அவருக்குக் கண்ணு வேற மங்கிப்போச்சா, "அக்கா, உன் மூஞ்சி கறுப்பாத் தெரியுது, சரியாவே தெரியல"ன்னு சொல்லியிருக்கார். அதனால ஆபிஸ் கம்ப்யூட்டர்ல முயற்சி பண்ணியிருக்காங்க.

"வீட்ல வருது தம்பி. போன்ல வருது. இங்க மட்டும் வரல. நான்தான் ஏதாவது தப்பா அமுக்குறேனா?"

அவங்க ஒண்ணும் தப்பா அமுக்கல. எங்க நெட்வொர்க் வாசல்ல ஃபயர்வால் நிக்குது, வெளிய போறது எல்லாம் அதைத் தாண்டித்தான் போகணும். இமெயில், சாதாரண வெப் பக்கம் எல்லாத்தையும் விட்டுடும். ஆனா நேரடி வீடியோ வேற வழியில போகும். படமும் குரலும் தாமதிக்கக் கூடாதுங்கறதால யுடிபின்னு ஒரு வேகமான வழி இருக்கு, அதுல போகும். எங்க ஃபயர்வால்ல அந்த வழி அடைப்பு. சில சர்வீஸ் அது கிடைக்காட்டி சாதாரண வெப் வழிக்குள்ளயே புகுந்து போகப் பார்க்கும். எங்க ஃபயர்வால் பிரிச்சுப் பார்த்து அதையும் தள்ளிவிட்டுடும். கம்பெனி மீட்டிங் சாஃப்ட்வேர் ஒண்ணுக்கு மட்டும்தான் அனுமதி. அதனாலதான் பக்கம் திறக்கும், உங்க மூஞ்சி தெரியும், எதிர்ல ஆள் வந்துட்டாங்கன்னு பேர்கூட எழுத்துல வரும். ஆனா ஆள் வரமாட்டாங்க.

இதை அவங்களுக்கு விளக்கிச் சொன்னேன். "அப்ப உன் கையில இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"என் கையிலதான்க்கா இருக்கு. மேலிடத்துல ஒரு அனுமதி வாங்கணும், அவ்வளவுதான்லா."

எனக்குப் பெருமை. சொல்லிக்க வெட்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை. இத்தனை வருஷம் என் வேலையை நொட்டை சொன்ன அக்காவுக்கு என்னால ஒண்ணு ஆகப்போகுதுன்னு ஒரு பெருமை.

ஜூலை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து சேதி வந்தது. அவருக்கு மூச்சு ரொம்ப சிரமமாகிடுச்சு. வியாழக்கிழமை காலை, அவங்க நேரம் ஒன்பதரைக்கு மருந்து போட ஆரம்பிப்பாங்க, தூங்கிட்டே இருப்பார், அதுக்கப்புறம் பேச முடியாது. அதுக்கு முன்னாடி ஒன்பதேகாலுக்கு அக்காகிட்ட பேசணும்னு அவரே கேட்டிருக்கார். இங்க நாலேகால்.

அந்த வியாழக்கிழமைதான் கஸ்டமர் ஆடிட், டியூப் வாங்குற கம்பெனிக்காரங்க வந்து எங்க பேப்பரையெல்லாம் சோதிக்கிற நாள். அக்கா லீவு கேட்டா ஃபேக்டரியே முழிக்கும். மேனேஜர் சல்மா நல்ல மனுஷி, "அரை மணி நேரம் என்ன, ஒரு மணி நேரம் எடுத்துக்கங்கக்கா"ன்னு சொல்லிட்டாங்க. அக்கா பழையபடி காடிக்குப் போறதா இருந்தாங்க.

நான்தான் தடுத்தேன். "அந்த வெயில்ல எதுக்குக்கா? மீட்டிங் ரூம்ல பெரிய ஸ்கிரீன் இருக்கு. நல்ல லைட் இருக்கு. அவருக்கு உங்க மூஞ்சி பளிச்சுனு தெரியும். நான் திறந்து வைக்கிறேன்."

தன் மூஞ்சி தம்பிக்குத் தெரியுமேங்கிற நம்பிக்கையில அவங்க கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னைக்குத்தான் இன்னொரு விஷயத்தையும் சொன்னாங்க. அதை இங்க சொல்லியே ஆகணும், இல்லாட்டி அவங்க அந்த ஸ்கிரீன் முன்னாடி எதுக்கு உட்கார்ந்தாங்கன்னு விளங்காது.

அப்பா செத்தது கொரோனா சமயத்துல. எல்லை மூடியிருந்தது, ஸ்ரீகரன் வர முடியல. சுடலையில விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் ஆட்கள். அக்கா போனைப் பிடிச்சுக் காட்டிக்கிட்டு நின்னாங்க. அவர் அங்கிருந்து அழுதுகிட்டே, "அக்கா, அப்பா மூஞ்சியைக் கிட்டக் காட்டு, இன்னும் கிட்ட"ன்னு சொல்லியிருக்கார். எட்டு வருஷம் அப்பாவோட மலமூத்திரத்தைத் தனியா அள்ளிப் போட்ட மனுஷி. அந்த நேரத்துல என்னமோ ஒரு ஆத்திரம். இத்தனை நாளா கிட்ட வராதவன் இப்ப கிட்டக் காட்டச் சொல்றானேன்னு, சிவப்புப் பட்டனை அமுக்கிட்டாங்க. பெட்டியை மூடினதை அவர் பார்க்கல. ராத்திரி அவர் கூப்பிட்டப்ப, "லைன் போச்சுடா"ன்னு சொல்லியிருக்காங்க. அவரும் "பரவாயில்லக்கா"ன்னுட்டார். நாலு வருஷமா அதைப்பத்தி ரெண்டு பேரும் பேசினதில்ல.

"லைன் போகல, நான்தான் கட் பண்ணேன்னு அவன்கிட்ட சொல்லணும் தம்பி. அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

புதன்கிழமை மத்தியானம் கோலாலம்பூர் ஆபிஸ்ல இருந்து அனுமதி வந்தது. அந்த ஆஸ்பத்திரியோட வீடியோ சர்வீஸை மட்டும் விடலாம்னு. நானே ஃபயர்வால்ல 'இதை விடு'ன்னு ஒரு சட்டத்தைச் சேர்த்தேன். என் ரூம்ல உட்கார்ந்து அந்த சர்வீஸோட டெஸ்ட் பக்கத்தைத் திறந்தேன். படம் வந்தது, குரல் வந்தது, எல்லாம் பச்சை டிக். மீட்டிங் ரூம்ல போய்ப் பார்த்திருக்கணும். அங்க ஆடிட்டுக்கு ஆளுங்க ஃபைலை அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. போய்த் தொந்தரவு பண்ணுவானேன்னு விட்டுட்டேன். என் ரூமுக்கும் அதுக்கும் இருபது அடிகூட இருக்காது.

அக்காகிட்ட போய், "முடிஞ்சதுக்கா, டெஸ்ட் பண்ணிட்டேன்"னு சொன்னேன். அன்னைக்கு அவங்க எங்க வச்சுப் பார்த்தேன்னு கேக்கல. கம்பெனி வேலைக்குன்னா கேட்டிருப்பாங்க. சொந்த வேலைக்கு ஒருத்தனைத் தொந்தரவு பண்றோம்னு கூச்சம். "ரொம்ப நன்றி தம்பி"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

வியாழக்கிழமை ஆடிட்டர் நாலு மணிக்குத்தான் மீட்டிங் ரூமை விட்டாங்க. அக்கா வந்தாங்க. மெரூன் சேலை, நெத்தியில திருநீறு, தலையைச் சீவிப் பூ வேற. ஆடிட்டுக்கு யாரும் பூ வைக்க மாட்டாங்க. நான் லேப்டாப்பை நெட்வொர்க் வயர்ல மாட்டி, லிங்கைத் திறந்தேன். பெரிய ஸ்கிரீன்ல அக்கா மூஞ்சி வந்தது. பக்கத்துல நர்ஸ் பேரு எழுத்துல வந்தது. கறுப்புப் பெட்டி. வட்டம் சுத்த ஆரம்பிச்சது.

"வந்துடும்க்கா."

வரல. நின்னுபோச்சு. திரும்பத் திறந்தேன். அதே வட்டம். பிரவுசரை மாத்தினேன், லேப்டாப்பை அணைச்சுப் போட்டேன். நாலு இருபத்திரண்டு. அக்கா எழுந்தாங்க. "நான் காடிக்குப் போயிடுறேனே தம்பி."

"உட்காருங்கக்கா. நான் டெஸ்ட் பண்ணது. அவங்க பக்கம்தான் ஏதோ கோளாறு. இப்ப வந்துடும்."

உட்கார்ந்தாங்க. என் பேச்சை நம்பி உட்கார்ந்தாங்க. நாலு இருபத்தெட்டுக்கு மறுபடி எழுந்தாங்க, மறுபடி "ஒரு நிமிஷம்க்கா"ன்னு சொன்னேன். என் கையில இருக்கிற வேலை தோத்துப்போகுதுன்னு ஒத்துக்க மனசு வரல. மேசை போன்ல வெளிநாட்டுக்கு அடிக்க முடியாது. ஸ்கிரீன்ல அவங்க மூஞ்சி மட்டும் பெருசா, பளிச்சுனு, நான் சொன்ன மாதிரியே தெரிஞ்சுக்கிட்டு இருந்தது.

நாலு முப்பத்தாறுக்கு அக்கா என்கிட்ட கேக்கல. எழுந்து நடந்தாங்க. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சாங்க. நானும் பின்னாடியே ஓடினேன். கார்டு ரூம்ல லாக்கர் சாவி துவாரத்துல நுழையல, செக்யூரிட்டிக்காரர் வாங்கித் திறந்து குடுத்தார். காடிக்குப் போகக்கூட நேரமில்ல, லாக்கர் பக்கத்துலயே நின்னு லிங்கை அமுக்கினாங்க. உடனே வந்துருச்சு. மூணு நொடிகூட ஆகல.

நர்ஸ் வந்தாங்க. அஞ்சு நிமிஷம் கூடுதலா காத்திருந்து பார்த்தோம், அதுக்கு மேல அவரால மூச்சு விட முடியல, மருந்து போட்டாச்சுன்னு சொன்னாங்க. டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாங்க. கண்ணை மூடி இருந்தார். தாடி இல்ல. அக்கா எப்பவும் தாடியை எடுடான்னு திட்டுவாங்களாம், அதனால காலையில சவரம் பண்ணிவிடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கார். கன்னம் ரெண்டும் ஒட்டிப்போய் மழமழன்னு இருந்தது.

"ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தார். லைன் கட் ஆயிருச்சான்னு கேட்டார்"னு நர்ஸ் சொன்னாங்க.

அக்கா போனை வாய்க்கிட்ட கொண்டுபோய், "கரன், லைன் போகலடா. அன்னைக்கு நான்தான்..."ன்னு ஆரம்பிச்சாங்க. நான் அந்த இடத்துல நிக்கல. வெளிய போய் வெயில்ல நின்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாங்க. பூ காதுக்கிட்ட தொங்குது. என்னைத் திட்டல. "அன்னைக்கு லைன் இருந்தது, நான் போச்சுன்னு சொன்னேன். இன்னைக்கு நிஜமாவே போச்சு. நான்தான் திரும்பக் கட் பண்ணிட்டேன்னு நினைச்சிருப்பானா தம்பி?"ன்னு கேட்டாங்க. இல்லக்கான்னு சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் நேரா உள்ள போய், ஆடிட்டர் கேட்ட ஃபைலை எடுத்துக் குடுத்தாங்க.

சனிக்கிழமை ஸ்ரீகரன் போயிட்டார். கண்ணைத் திறக்கவே இல்ல.

திங்கட்கிழமை நான் ஃபயர்வாலைத் திறந்து உட்கார்ந்தேன். ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருச்சு. அதுல சட்டமெல்லாம் மேலருந்து கீழா வரிசையா இருக்கும். எது முதல்ல பொருந்துதோ அதோட முடிஞ்சது, கீழ இருக்கிறதைப் பார்க்கவே பார்க்காது. நான் புதுசா போட்ட அனுமதி, நேரடி வீடியோவை எல்லாம் அடைக்கிற சட்டத்துக்குக் கீழ போய் உட்கார்ந்திருந்தது. ஆபிஸ்ல இருந்து போனது எதுவும் அது வரைக்கும் எட்டவே இல்ல. சரி, என் ரூம்ல மட்டும் எப்படி வந்தது? எல்லாத்துக்கும் மேல, உச்சியில, இன்னொரு சட்டம். ஐடி ரூம்ல இருந்து எது போனாலும் விடு. கொரோனா சமயத்துல மெஷின் கம்பெனிக்காரங்க வெளிநாட்டுல இருந்து ரிப்பேர் பார்க்கணும்னு நானே போட்டது. வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்தவனும் நான்தான். புதன்கிழமை நான் பார்த்த பச்சை டிக் அத்தனையும் பொய். அந்த லேப்டாப்பைக் கையில தூக்கிக்கிட்டு இருபது அடி நடந்து என் ரூம்ல மாட்டியிருந்தா, அக்கா தம்பியோட பேசியிருப்பாங்க.

இதை மறைச்சிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனா எங்க ஃபேக்டரில தப்பு நடந்தா ஒரு ஃபாரம் எழுதணும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனிமே நடக்காம என்ன செய்வே, எதுக்குப் பாதிப்பு. எழுதினா நம்பர் போட்டு வாங்கி வைக்க வேண்டிய ஆள் அக்கா. பதினைஞ்சு நாள் கழிச்சு அவங்க வேலைக்குத் திரும்பினாங்க. அன்னைக்கே கொண்டுபோனேன்.

வரி வரியா படிச்சாங்க. 'சோதனை ஐடி ரூமில் செய்யப்பட்டது, பயன்படுத்தும் இடத்தில் செய்யப்படவில்லை'ங்கிற இடத்துல விரலை வச்சு நிறுத்தினாங்க.

"உன் ரூம்ல வந்ததா?"

"வந்ததுக்கா."

"அப்ப, அன்னைக்கு உன் ரூமுக்கு வந்திருந்தா..."

"ஆமாக்கா."

எனக்கு அழுகை வந்துருச்சு. நாப்பத்திரண்டு வயசு ஆம்பள, டாக்குமெண்ட் ரூம்ல நின்னு அழுதேன். அவங்க ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில தேத்தண்ணி ஊத்தி என் பக்கம் தள்ளினாங்க.

"கடைசிக் கட்டத்தை நீ எழுதலையே."

பார்த்தேன். பாதிப்புங்கிற கட்டம் காலியா இருந்தது. மூணு நாள் அதுல என்ன எழுதறதுன்னு தெரியாமத்தான் விட்டிருந்தேன்.

"என்ன எழுதறதுன்னு தெரியலக்கா."

"இதுல எதைக் கேக்கிறாங்கன்னு படி."

படிச்சேன். உற்பத்திக்கு ஏற்பட்ட பாதிப்பு.

அக்கா பேனாவைத் திறந்தாங்க. எப்பவும் எழுதற அதே நேரான எழுத்துல, 'இல்லை'ன்னு எழுதினாங்க. நம்பர் போட்டாங்க. மீட்டிங் ரூமுக்கு என்னைக் கூட்டிட்டுப் போய், நான் சரிபண்ணின சட்டம் அந்த லேப்டாப்ல ஓடுதான்னு அதே லிங்க்ல டெஸ்ட் பக்கத்தைத் திறக்கச் சொன்னாங்க. படம் வந்தது, குரல் வந்தது. பெரிய ஸ்கிரீன்ல அவங்க மூஞ்சி, பளிச்சுனு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் சிவப்பு ஸ்டாம்ப் அடிச்சு, ஃபாரத்தை ஃபைல்ல வச்சாங்க.